பிரசவ வலியைத் தூண்டும் வீட்டு முறைகள்: விளக்கெண்ணெய், நடை, காரம்

கருவுற்ற காலம் நிறைந்த பின்னும் பிரசவ வலி தொடங்காதபோது, மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே வலியை வரவழைக்கச் செய்யப்படும் முயற்சிகள் பிரசவ வலியைத் தூண்டும் வீட்டு முறைகள் எனப்படுகின்றன. விளக்கெண்ணெய் குடித்தல், நீண்ட தூரம் நடத்தல், காரமான உணவை உண்ணுதல் ஆகியவை இவற்றுள் உலகின் பல பகுதிகளில் பரவலாக அறியப்பட்டவை. மூன்றும் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்பட்டாலும் அவற்றின் வரலாறு ஒன்றல்ல. நடையும் காரமும் எப்போதும் வீட்டு வழக்கங்களாகவே இருந்தவை. விளக்கெண்ணெய் அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவமனைகளில் மருத்துவர்களே கொடுத்த மருந்து. மருத்துவம் அதைக் கைவிட்ட பிறகே அது முழுமையாக வீட்டு முறையானது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்ற கேள்வி ஒப்பீட்டு முறையில் ஆராயப்பட்டதும் பெரிதும் அதன் பின்னரே.

நாள் தள்ளிப்போதல்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டிப் பிரசவத் தேதி குறிக்கப்படுகிறது. இது 40 வாரம். ஆனால் குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ நூற்றில் ஐந்துதான். 37 முதல் 42 வாரம் வரை எந்த நாளிலும் வலி தொடங்கலாம் என்பதால் அந்தத் தேதி ஒரு மதிப்பீடு மட்டுமே. முதல் பிரசவங்களில் தேதி தாண்டிச் செல்வது இயல்பாகவே மிகுதி.

தேதி தாண்டிய பெண் இரண்டு வகை நெருக்கடிக்கு உள்ளாகிறாள். ஒன்று உடல் சோர்வும் உறவினர்களின் விசாரிப்பும். மற்றொன்று உண்மையான மருத்துவக் காரணம். 41 வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடியின் திறன் குறைந்து, சிசு வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு மெல்ல உயர்கிறது. ஸ்வீடனில் 2,760 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-ல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினருக்கு 41 வாரத்தில் மருத்துவமனையில் வலி தூண்டப்பட்டது. மற்றொரு பகுதியினர் 42 வாரம் வரை காத்திருந்தனர். காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன. தூண்டப்பட்ட பிரிவில் ஓர் இறப்பும் இல்லை. இதனால் ஆய்வு திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. 41 வாரம் நிறைந்தது உறுதியாகத் தெரிந்தால் வலியைத் தூண்டலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆகவே மருத்துவமனைத் தூண்டலைத் தவிர்க்க விரும்பும் பெண்ணுக்கு 40 வாரத்துக்கும் 41 வாரத்துக்கும் இடையே சில நாட்களே உள்ளன. வீட்டு முறைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் கையாளப்படுகின்றன. அமெரிக்காவில் குழந்தை பெற்ற 201 பெண்களிடம் கேட்டு 2011-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஏறத்தாழ பாதிப் பேர் மருத்துவர் சொல்லாத ஏதேனும் ஒரு முறையைத் தாமாகச் செய்து பார்த்திருந்தனர். அவற்றில் முதலிடம் நடைக்கு. காரமான உணவும் முன்வரிசையில் இருந்தது.

இந்த இடைவெளியே ஒரு மயக்கத்துக்கும் காரணமாகிறது. 40 வாரம் கடந்த பெண்ணுக்கு எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த சில நாட்களில் வலி வர வாய்ப்பு மிகுதி. அதற்கு முந்தைய நாள் அவள் என்ன செய்திருந்தாலும், வலி அதனால்தான் வந்தது என்று தோன்றும். வலி வராத பெண் மறுநாள் வேறொன்றை முயல்வாள். கடைசியாக முயன்றதற்கே பெயர் கிடைக்கும். எனவே ஒன்றை உட்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு வலி வந்தது என்ற எண்ணிக்கை மட்டும் எதையும் நிறுவாது. உட்கொள்ளாதவர்களில் எத்தனை பேருக்கு அதே நேரத்தில் வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

விளக்கெண்ணெயின் வரலாறு

ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் பழமையான பேதி மருந்துகளில் ஒன்று. பொ.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் ஆமணக்கின் மருத்துவப் பயன்களைக் குறிப்பிடுகிறது. ஐரோப்பாவில் அது பெரிதும் பரவியது 18-ஆம் நூற்றாண்டில்தான். மேற்கிந்தியத் தீவுகளில் மருத்துவராகப் பணியாற்றிய பீட்டர் கான்வேன் 1760-களில் இவ்வெண்ணெயைப் பற்றித் தனி நூல் வெளியிட்டு இங்கிலாந்தில் அதன் பயன்பாட்டைப் பரப்பினார்.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளக்கெண்ணெய் பிரசவ அறைக்குள் உறுதியாக இடம்பெற்றது. அக்காலத்தில் வலியைத் தூண்டப் பாதுகாப்பான மருந்து எதுவும் கையில் இல்லை. பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதை ஹென்றி டேல் 1906-ல் கண்டறிந்தார். ஆனால் ஊசியாகச் செலுத்தப்பட்ட அச்சாற்றின் வீரியம் புட்டிக்குப் புட்டி மாறியது. செலுத்தியபின் அதை நிறுத்தவும் வழியில்லை. எனவே முதலில் விளக்கெண்ணெய், அடுத்துக் குயினைன், அவை பலிக்காவிட்டால் சிறிது பிட்யூட்டரிச் சாறு என்ற படிமுறை பல நாடுகளில் கையாளப்பட்டது. சிசுவுக்குத் தீங்கு நேரும் என்ற அச்சத்தால் குயினைன் பின்னர் கைவிடப்பட்டது.

பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் விளக்கெண்ணெய், வெந்நீர்க் குளியல், சோப்பு நீர் எனிமா ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன. எண்ணெய், குளியல், எனிமா ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் செவிலியர் இதை ஓ.பி.இ. என்று அழைத்தனர். அது பிரிட்டிஷ் அரசு வழங்கும் ஒரு விருதின் சுருக்கப்பெயரும் ஆகும்.

குடல் எரிச்சலுற்றால் அதன் அருகிலுள்ள கருப்பையும் தூண்டப்படும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். 1959-ல் மேத்தி, டாசன் என்ற இருவர் இந்த மூன்று படிகளின்போதும் கருப்பையின் சுருக்கங்களைக் கருவியால் பதிவு செய்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். அப்போது இம்முறை பல பத்தாண்டுகளாக வழக்கில் இருந்தது. கருப்பை சுருங்குகிறதா என்று அளப்பது ஒரு கேள்வி. எண்ணெய் குடித்தவர்களுக்குக் குடிக்காதவர்களைவிட விரைவில் குழந்தை பிறக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு இந்தப் பதிவு விடை தரவில்லை.

அதற்குள் மாற்று மருந்துகள் வந்துவிட்டன. ஜெஃப்ரி தியோபால்டு 1948-ல் பிட்யூட்டரிச் சாற்றை மிக நீர்த்த அளவில் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் முறையை விவரித்தார். சுருக்கங்கள் மிகுந்தால் சொட்டை நிறுத்திவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. அச்சாற்றில் உள்ள ஆக்ஸிடோசினை வின்சென்ட் டு விக்னியோ 1953-ல் செயற்கையாகத் தயாரித்தார். 1968-ல் உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம் புரோஸ்டாகிளாண்டின் கொண்டு வலியைத் தூண்டலாம் என்று காட்டினார். அளவைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய மருந்துகள் கிடைத்ததும் விளக்கெண்ணெய் மருத்துவமனைகளிலிருந்து மெல்ல வெளியேறியது. அது பயனற்றது என்று நிறுவப்பட்டு நீக்கப்படவில்லை. தேவை இல்லாமல் போனதால் நீங்கியது. மருத்துவச்சிகளும் பாட்டிமாரும் அதை நினைவில் வைத்திருந்தனர். மருத்துவமனைக்கு வெளியே பிரசவம் பார்ப்போரிடம் அது தொடர்ந்து வாழ்ந்தது.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள்

1984-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பனிக்குடம் உடைந்தும் வலி தொடங்காத 196 பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தது. விளக்கெண்ணெய் குடித்த 107 பேரில் 75 விழுக்காட்டினருக்கு வலி தொடங்கியது. குடிக்காத 89 பேரில் 58 விழுக்காட்டினருக்குத் தொடங்கியது. எண்ணெய் குடித்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நான்கில் மூவருக்குப் பலித்த மருந்து என்று தோன்றும். குடிக்காதவர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது வேறுபாடு 17 விழுக்காடாகச் சுருங்குகிறது. மேலும் யாருக்கு எண்ணெய் கொடுப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை. அதனால் இரு பிரிவினரும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கக் கூடும்.

2000-ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு இன்றும் விளக்கெண்ணெய்க்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பனிக்குடம் உடையாத, 40 வாரத்தைத் தொட்ட பெண்களில் ஒரு பிரிவினருக்கு 60 மில்லி எண்ணெய் ஒரே வேளையாகக் கொடுக்கப்பட்டது. 24 மணி நேரத்துக்குள் எண்ணெய் குடித்த 52 பேரில் 30 பேருக்கு வலி தொடங்கியது. குடிக்காத 48 பேரில் இருவருக்கே தொடங்கியது. வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் பெண்கள் ஒருவர் விட்டு ஒருவராகப் பிரிக்கப்பட்டனர். அடுத்து வருபவர் எந்தப் பிரிவில் சேர்வார் என்பது முன்கூட்டியே தெரியும் முறை இது. வலி வரும் நிலையில் இருப்பவரை அறிந்தோ அறியாமலோ ஒரு பக்கம் சேர்த்துவிட இடமுண்டு. யார் எண்ணெய் குடித்தார் என்பதும் யாருக்கும் மறைவில்லை. எண்ணெய் குடித்த எல்லோருக்கும் குமட்டல் இருந்தது.

இவ்விரு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று விளங்கும். எண்ணெய் குடிக்காத பெண்களில் வலி தொடங்கியவர்கள் முதல் ஆய்வில் 58 விழுக்காடு, இரண்டாவதில் 4 விழுக்காடு. பனிக்குடம் உடைந்திருந்ததா, எவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்தார்கள் என்பவற்றைப் பொறுத்து இந்த எண் இவ்வளவு மாறுகிறது. ஒப்பீடு இல்லாத எந்த வெற்றிக் கணக்கையும் ஏற்க முடியாமைக்கு இதுவே காரணம்.

தாய்லாந்து – மியான்மர் எல்லையிலுள்ள மே லா அகதிகள் முகாமில் விளக்கெண்ணெய் வழக்கமாகவே கையாளப்பட்டது. அங்குள்ள மகப்பேறு மருத்துவமனையில் 40 வாரம் கடந்த 612 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2009-ல் வெளியானது. எண்ணெய் குடித்த 205 பேருக்கும் குடிக்காத 407 பேருக்கும் குழந்தை பிறக்க எடுத்துக்கொண்ட காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. தாய்க்கோ குழந்தைக்கோ கூடுதல் தீங்கும் காணப்படவில்லை.

2013-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வு, தகுதியுள்ளவை என்று கொள்ளத்தக்க மூன்றே ஆய்வுகளைக் கண்டது. அவற்றில் இருந்தவர்கள் மொத்தம் 233 பெண்கள். சிசேரியன் தேவைப்படுவதில் வேறுபாடு இல்லை என்பதையும், குடித்த அனைவருக்கும் குமட்டல் ஏற்பட்டது என்பதையும் தவிர உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை.

ஒப்பீட்டின் குறைகளைத் தவிர்க்க முயன்றது 2018-ல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு. 40 முதல் 42 வாரத்துக்குள் இருந்த 81 பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 60 மில்லி விளக்கெண்ணெய். மறுபிரிவினருக்கு அதே அளவு சூரியகாந்தி எண்ணெய். முன்பு குழந்தை பெற்ற பெண்களில் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்குவது அதிகமாக இருந்தது. முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களிடம் எந்த வேறுபாடும் இல்லை. தேதி தாண்டும் பதற்றம் மிகுந்திருப்பது முதல் பிரசவத்தில்தான். அவர்களுக்கே அது உதவவில்லை. 81 பேரை மீண்டும் இரண்டாகப் பிரித்துப் பெற்ற முடிவு என்பதால் இதையும் இறுதியானதாகக் கொள்ள முடியாது.

உடலில் நடப்பது

விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலியிக் அமிலம். சிறுகுடலில் உள்ள லிப்பேஸ் நொதி எண்ணெயைப் பிளந்து இதை விடுவிக்கிறது. 2012-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த அமிலம் எங்கே வேலை செய்கிறது என்பதை எலிகளில் கண்டறிந்தனர். அது புரோஸ்டாகிளாண்டின் பற்றும் ஏற்பிகளுள் ஒன்றான இ.பி.3 என்பதைத் தூண்டுகிறது. அந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தபோது பேதியும் ஆகவில்லை, கருப்பையும் சுருங்கவில்லை.

இக்கண்டுபிடிப்பு பழைய விளக்கத்தைத் திருத்தியது. குடலின் எரிச்சல் கருப்பைக்குப் பரவுவதில்லை. குடல் தசையையும் கருப்பைத் தசையையும் ஒரே பொருள் ஒரே வாயில் வழியாகத் தூண்டுகிறது. மருத்துவமனைகளில் வலியைத் தூண்டப் பயன்படும் மருந்துகளில் சிலவும் புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தவையே. ஆகவே விளக்கெண்ணெய்க்கு வலியைத் தூண்டும் தன்மை இருப்பது நம்பத்தக்கது. ஆனால் கருப்பை சுருங்குவது மட்டும் பிரசவம் ஆகாது. கருப்பை வாய் முன்பே மென்மையாகி, சுருங்கி, திறக்கத் தயாராக இருக்க வேண்டும். எட்வர்ட் பிஷப் 1964-ல் வகுத்த மதிப்பெண் முறை இந்தத் தயார்நிலையைத்தான் அளக்கிறது. முன்பு குழந்தை பெற்றவர்களின் கருப்பை வாய் எளிதில் இணங்கும். இஸ்ரேலிய ஆய்வின் முடிவுக்கு இது பொருந்தும் விளக்கமாகிறது.

தீங்குகள்

எண்ணெய் குடித்த சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கும். குமட்டலும் வாந்தியும் சேர்ந்தால் உடலின் நீர் விரைவில் குறையும். பிரசவம் என்பது பல மணி நேர உழைப்பு. அதைத் தூக்கமின்றி, உணவின்றி, நீர்வற்றிய உடலோடு தொடங்குவதே விளக்கெண்ணெயால் பெரும்பாலோர் அடையும் துன்பம். வாய் உலர்தல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாதல், எழுந்தால் தலை சுற்றுதல் ஆகியவை நீர்வற்றியதன் அடையாளங்கள். பேதியின் வயிற்றுப் பிசைவைப் பிரசவ வலி என்று கருதிவிடுவதும் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் 1987-ல் வெளியான ஓர் ஆய்வு, விளக்கெண்ணெயையோ நாட்டு மருந்துக் கசாயத்தையோ தாமாக உட்கொண்ட பெண்களிடம், சிசு பனிக்குட நீரிலேயே மலம் கழித்திருப்பது அதிகம் என்று கண்டது. இது சிசு நெருக்கடியில் இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். சிசு அதை மூச்சில் உறிஞ்சினால் நுரையீரல் பாதிக்கப்படும். மே லா முகாமில் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. எனவே இது முடிவான செய்தியன்று, ஆனால் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

மிகப் பெரிய ஆபத்து முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு. கருப்பையில் பழைய தையல் தழும்பு இருக்கும்போது கட்டுப்பாடற்ற சுருக்கம் அதைக் கிழிக்கக் கூடும். 39 வார நிறைவில் இருந்த, முன்பு சிசேரியன் ஆன ஒரு பெண் வெறும் 5 மில்லி விளக்கெண்ணெய் குடித்தபின் கருப்பை கிழிந்த நிகழ்வு 2003-ல் மருத்துவ இதழில் பதிவானது. ஒரு நிகழ்வைக் கொண்டு எண்ணெய்தான் காரணம் என்று நிறுவ முடியாது. ஆனால் மருத்துவமனையில் சொட்டு மருந்தை நிறுத்துவதுபோல், குடித்த எண்ணெயை நிறுத்த முடியாது என்பதை அது நினைவூட்டுகிறது. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பவர்களுக்கும், சிசு குறுக்காகவோ தலை மேலாகவோ கிடப்பவர்களுக்கும், 39 வாரம் நிறையாதவர்களுக்கும் வீட்டில் எண்ணெய் குடிப்பது ஏற்றதன்று.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. முறையாக எடுக்கப்பட்ட எண்ணெயில் அது இருப்பதில்லை. விதையை மென்று தின்பது உயிருக்கே ஆபத்து.

நடை

நடக்கும்போது சிசுவின் தலை கருப்பை வாயை அழுத்துவதால் வலி தொடங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இதில் இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. வலியே இல்லாதபோது நடை அதைத் தொடங்கி வைக்குமா என்பது ஒன்று. தொடங்கிய வலியை நடை விரைவுபடுத்துமா என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்வி நன்கு ஆராயப்பட்டது. 1998-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரிலிருந்து வெளியான ஆய்வில், வலி தொடங்கிய 1,067 பெண்களில் ஒரு பாதியினர் நடக்க ஊக்குவிக்கப்பட்டனர். மறுபாதியினர் படுக்கையில் இருந்தனர். கருப்பை வாய் முழுதும் திறக்க ஆன நேரம் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது. நடையால் தீங்கும் இல்லை. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, நின்றும் நடந்தும் இருப்பது முதல் கட்டத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் குறைப்பதாகக் கண்டது.

முதல் கேள்விக்குச் சான்று குறைவு. போர்ச்சுகலில் அண்மையில் நடந்த ஓர் ஆய்வில் 38-ஆவது வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் பெண்கள் நடந்தனர். நடக்காதவர்களைவிட இவர்களில் தானாக வலி தொடங்கியவர்கள் அதிகம். இங்கே கவனிக்க வேண்டியது நடையின் தன்மை. இது சாதாரண வேகத்தில் வாரக்கணக்கில் தொடர்ந்த நடை. தேதி தாண்டிய அன்று வெயிலில் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து களைப்பது இதற்கு ஈடாகாது. அதனால் கால் வலியும், ஓய்வெடுத்ததும் அடங்கிவிடும் பொய் வலியுமே மிஞ்சுவது வழக்கம்.

காரம்

மூன்றிலும் மிகக் குறைவாக ஆராயப்பட்டது காரம். காரமான உணவு வலியைத் தொடங்கி வைக்கும் என்று காட்டும் ஒப்பீட்டு ஆய்வு எதுவும் இல்லை. குடலைக் கலக்கினால் கருப்பையும் கலங்கும் என்ற பழைய விளக்கமே இதன் அடிப்படை. மிளகாயின் காப்சைசின் வாயிலும் குடலிலும் எரிச்சல் உணர்வைத் தூண்டுவது வேறொரு ஏற்பியின் வழியாக. ரிசினோலியிக் அமிலம் கருப்பையைத் தொடும் வழி அதற்கு இல்லை.

இந்நம்பிக்கை காரம் அரிதாக உண்ணப்படும் நாடுகளில் வலுவாக இருப்பது இயல்பே. அங்கே காரமான உணவு நினைவில் நிற்கும் நிகழ்வு. மறுநாள் வலி வந்தால் இரண்டும் இணைத்துப் பேசப்படும். நாள்தோறும் மிளகாய் சேர்த்து உண்ணும் ஆந்திரத்திலோ தமிழகத்திலோ மெக்சிகோவிலோ காரக் குழம்பைப் பிரசவத்தோடு இணைக்க யாருக்கும் தோன்றாது. நிறைமாதத்தில் இரைப்பை மேலே தள்ளப்பட்டிருப்பதால், மிகுந்த காரம் நெஞ்செரிச்சலைத் தருவது மட்டும் உறுதி.

தமிழ் வழக்கு

தமிழகத்தில் விளக்கெண்ணெய் வீட்டுக்கு வீடு இருந்த பொருள். வறுத்து இடித்த ஆமணக்கு விதையை நீரில் கொதிக்கவைத்து எடுக்கும் முறையில் ரிசின் அழிந்துவிடும். விளக்குக்கும், தலைக்கும், குழந்தைகளின் பேதிக்கும் அது பயன்பட்டது.

ஆனால் நிறைமாதப் பெண்ணுக்குப் பல வீடுகளில் முதலில் கொடுக்கப்படுவது சீரகக் கசாயம். இதன் நோக்கம் வலியை உண்டாக்குவதைக் காட்டிலும் வலியைத் தரம்பிரிப்பது. சூட்டு வலியானால் கசாயம் குடித்ததும் அடங்கும், பிரசவ வலியானால் வலுக்கும் என்பது வழக்கு. சீரகத்துக்கு இந்தத் தனிச்சக்தி இருப்பதாகச் சான்று இல்லை. எனினும் வெதுவெதுப்பான நீர் குடித்து, சற்று இருந்து, வலி தொடர்கிறதா என்று பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு. பொய் வலி ஓய்விலும் நீர் அருந்தியதிலும் தணியும், மெய் வலி சீரான இடைவெளியில் நெருங்கிக்கொண்டே வரும் என்பதே மருத்துவரும் சொல்வது.

மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990-களில் தமிழகத்தில் ஆய்வு செய்து 2003-ல் வெளியிட்ட நூலில் இன்னொரு மாற்றத்தைக் காட்டினார். அரசு மருத்துவமனைகளில் வலியை மிகுவிக்கும் ஊசியும் சொட்டு மருந்தும் பரவலாகப் பயன்பட்டன. பெண்களில் பலர் தாமே அவற்றை விரும்பினர். நல்ல வலி வந்தால்தான் நல்ல பிரசவம் என்ற எண்ணம் மருந்து மாறியபோதும் மாறவில்லை. இந்த விருப்பத்தின் ஆபத்தான வடிவம், கண்காணிப்பு இல்லாத இடத்தில் ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக்கொள்வது. சிசுவின் இதயத்துடிப்பைப் பார்க்க ஆளின்றிப் போடப்படும் அந்த ஊசி விளக்கெண்ணெயைவிடப் பன்மடங்கு வலியது.

இன்று அறியப்படுவது

விளக்கெண்ணெய் கருப்பையைத் தூண்டக்கூடிய பொருள். முன்பு குழந்தை பெற்றவர்களுக்கு அது வலியைச் சற்று முன்கூட்டித் தொடங்கி வைக்கலாம். முதல் பிரசவத்தில் பயன் காணப்படவில்லை. குமட்டலும் பேதியும் ஏறத்தாழ உறுதி. சீரான நடை தீங்கற்றது, சிறிது உதவக்கூடும். காரத்துக்குச் சான்று இல்லை.

தேதி தாண்டியவர்களுக்கு மருத்துவரோ மருத்துவச்சியோ செய்யக்கூடிய எளிய முறை ஒன்றும் உண்டு. கருப்பை வாயைச் சோதிக்கும்போது விரலால் பனிக்குடச் சவ்வைச் சுற்றிலும் மெல்ல விலக்கிவிடுதல் அது. இதனால் உடலிலேயே புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. தானாக வலி தொடங்கும் வாய்ப்பை இது உயர்த்துவதாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

எந்த முறையைச் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் சில அறிகுறிகள் தோன்றினால் காத்திருக்கக் கூடாது. சிசுவின் அசைவு குறைதல், பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் நீர் போதல், இரத்தப்போக்கு, இரண்டு வலிகளுக்கு நடுவிலும் விடாமல் நீடிக்கும் வலி, பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வரும் சுருக்கங்கள் ஆகியவை அவை. எண்ணெய் குடித்திருந்தால் எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவமனையில் சொல்வது அவசியம். அது தெரியாமல் மேலும் ஒரு தூண்டல் மருந்து கொடுக்கப்பட்டால் இரண்டின் விளைவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்.